வீட்டு பிளானில் உள்ள ஸ்கேல் பார்: அறையின் நிஜ அளவைக் கண்டுபிடிப்பது எப்படி?

சென்ற வருடம் என் அக்காவும் மாமாவும் புதிதாகக் கட்டப்படும் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் இரண்டு பெட்ரூம் வீடு பார்த்தார்கள். கட்டடம் அப்போது அஸ்திவாரத்தைத் தாண்டி இரண்டு தளம்தான் எழும்பியிருந்தது. இவர்களுக்கு வரப்போவது நான்காவது மாடி. அதாவது போய்ப் பார்க்க அறையே இல்லை. கையில் இருந்தது வாட்ஸ்அப்பில் வந்த ஒரே ஒரு பிளான் படம்தான். அந்தப் படத்தில் அறைகளின் பெயர் இருந்தது, ஹாலுக்கு மட்டும் ஒரு அளவு இருந்தது, பெட்ரூம்களுக்கு எந்த அளவும் இல்லை. ஓரத்தில் 1:100 என்று எழுதி, அதன் கீழே கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சின்னப் பட்டை.

மாமாவின் அம்மா, நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து வீல்சேரில் இருக்கிறார். இரண்டாவது பெட்ரூம் அவருக்குத்தான். ஒரு கட்டில், ஒரு பீரோ போட்ட பிறகு வீல்சேர் திரும்ப இடம் இருக்குமா என்பதுதான் மாமாவின் கேள்வி. படத்தை ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்து, மகனின் ஜாமெட்ரி பாக்ஸில் இருந்த அடிஸ்கேலை வைத்து அளந்திருக்கிறார். அறை 24.5 மில்லிமீட்டர் நீளம், 20.5 மில்லிமீட்டர் அகலம். 1:100 என்றால் நூறால் பெருக்க வேண்டும். ஆக 2.45 மீட்டருக்கு 2.05 மீட்டர், சுமார் 8 அடிக்கு 6 அடி 9 அங்குலம். "இது பெட்ரூமே இல்லடா, ஸ்டோர் ரூம். வேண்டாம்னு சொல்லிடப் போறேன்" என்று எனக்கு போன் செய்தார்.

மாமா பெருக்கியதில் தவறில்லை. தவறு, 1:100 என்ற எழுத்தை நம்பியதில்.

1:100 எப்போது உண்மை?

1:100 என்றால், தாளில் 1 சென்டிமீட்டர் இருந்தால் நிஜத்தில் 100 சென்டிமீட்டர், அதாவது 1 மீட்டர் என்று பொருள். ஆனால் இது பிளானை வரைந்தவர் எந்தத் தாளில் பிரிண்ட் எடுக்க நினைத்தாரோ அந்தத் தாளுக்கு மட்டுமே பொருந்தும். எங்கள் பிளான் ஏ3 தாளுக்காக வரையப்பட்டது. அதை ஏ4 தாளில் அடக்கினால் படம் சுமார் 70 சதவீதமாகச் சுருங்கும். பிரிண்டர் ஓரங்களில் விடும் வெற்றிடத்தால் இன்னும் கொஞ்சம் சுருங்கும். படம் சுருங்கினாலும் 1:100 என்ற எழுத்து மட்டும் அப்படியே 1:100 என்றே நிற்கும். அது வெறும் எழுத்துதானே, தன்னைத் திருத்திக்கொள்ளத் தெரியாது.

ஸ்கேல் பார் அப்படியல்ல. அது ஒரு கோடு. அறையின் சுவர்க் கோடு எவ்வளவு சுருங்குகிறதோ அதே அளவு இதுவும் சுருங்கும்; பெரிதாக்கினால் இதுவும் பெரிதாகும். எனவே ஏ3, ஏ4, மொபைல், மானிட்டர் என்று எங்கே பார்த்தாலும், பட்டையில் 5 மீட்டர் என்று காட்டும் நீளம் அந்தப் படத்தில் 5 மீட்டர்தான்.

மாமாவிடம் போனிலேயே, "அந்தப் பட்டையையும் அளந்து சொல்லுங்க மாமா" என்றேன். 0 முதல் 5 வரை 34 மில்லிமீட்டர் என்றார். நிஜமாகவே 1:100 ஆக இருந்தால் அது 50 மில்லிமீட்டர் இருந்திருக்க வேண்டும். 5000 மில்லிமீட்டரை 34 ஆல் வகுத்தால் 147 வருகிறது. அவர் கையில் இருந்த தாள் 1:147! அப்படி ஒரு விகிதத்தில் எந்த இன்ஜினியரும் பிளான் வரைய மாட்டார். இப்போது அறையின் நீளத்தைப் பட்டையோடு ஒப்பிட்டால், 24.5 ஐ 34 ஆல் வகுத்து 5 ஆல் பெருக்க, 3.60 மீட்டர். அகலம் அதேபோல் 3.01 மீட்டர். ஸ்டோர் ரூம் ஒரு நொடியில் 12 அடிக்கு 10 அடியை நெருங்கிவிட்டது.

தாளில் அடிஸ்கேலை வைத்து அளக்கும்போது அரை மில்லிமீட்டர் தவறினால் இந்தத் தாளில் 7 சென்டிமீட்டர் தவறும். வீல்சேர் விஷயத்தில் அது போதாது. எனவே கம்ப்யூட்டரிலேயே அளந்துவிடலாம் என்று உட்கார்ந்தோம். இதற்குத் தனி சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம். விண்டோஸுடன் வரும் பெயின்ட் போதும்.

பெயின்ட்டில் பட்டையை அளப்பது

முதலில் படத்தை ஒரு காப்பி எடுத்துக்கொண்டு, அந்தக் காப்பியை பெயின்ட்டில் திறங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படம் பெரும்பாலும் சுருக்கப்பட்டே வரும். அனுப்பியவரிடம் அதையே டாக்குமென்ட்டாக அனுப்பச் சொன்னால் முழு அளவில் கிடைக்கும். எங்களுக்குக் கிடைத்த படம் அகலத்தில் 1600, உயரத்தில் 1131 பிக்ஸல்கள். பிக்ஸல் என்பது படத்தில் உள்ள ஒவ்வொரு புள்ளி. நாம் அடிஸ்கேலுக்குப் பதிலாக இந்தப் புள்ளிகளைத்தான் எண்ணப் போகிறோம்.

பெயின்ட் விண்டோவின் அடியில் ஒரு ஸ்டேட்டஸ் பார் இருக்கும். இல்லையென்றால் `View` சென்று `Status bar` என்பதை டிக் செய்யுங்கள். படத்தின் மேல் மவுஸை நகர்த்தும்போது அதில் இரண்டு எண்கள் மாறிக்கொண்டே இருப்பதைக் காணலாம். முதல் எண் இடது ஓரத்திலிருந்து எத்தனையாவது பிக்ஸல் என்பது. இரண்டாவது எண் மேலிருந்து எத்தனையாவது என்பது. 

இப்போது Ctrl விசையை அழுத்திக்கொண்டு மவுஸின் வீலை உருட்டி, 400 சதவீதம் வரை பெரிதாக்குங்கள். புதியவர்களுக்கு இங்கே ஒரு சந்தேகம் வரும்: பெரிதாக்கினால் அளவு மாறாதா? மானிட்டர் மேல் அடிஸ்கேலை வைத்து அளப்பவருக்கு மாறும். நமக்கு மாறாது. எவ்வளவு பெரிதாக்கினாலும் படத்தில் உள்ள பிக்ஸல்களின் எண்ணிக்கை அதேதான். ஸ்டேட்டஸ் பார் காட்டுவதும் அந்த எண்ணிக்கையைத்தான். பெரிதாக்குவது, கோட்டின் விளிம்பைச் சரியாகத் தொடுவதற்காக மட்டும்.

பட்டையில் 0 என்ற இடத்தில் மவுஸை வைத்தோம்: `212, 1058px`. 5 என்ற இடத்தில் வைத்தோம்: `402, 1058px`. 402 லிருந்து 212 ஐக் கழித்தால் 190. அதாவது இந்தப் படத்தில் 190 பிக்ஸல் என்பது 5 மீட்டர். 500 சென்டிமீட்டரை 190 ஆல் வகுத்தால், ஒரு பிக்ஸலுக்கு 2.632 சென்டிமீட்டர். இந்த ஒரு எண்தான் இனி எல்லாவற்றுக்கும் சாவி.

இந்த இடத்தில் நானே முதலில் ஒரு தப்பு செய்தேன், சொல்லிவிடுகிறேன். எங்கள் படத்தில் பட்டை 0 வில் ஆரம்பிக்கவில்லை. 0 வுக்கு இடது புறமும் ஒரு மீட்டர் நீளத்துக்குப் பட்டை நீண்டு, அது சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. முழு மீட்டரை வலது பக்கத்திலும், மீதிச் சில்லறையை இடது பக்கத்திலும் அளப்பதற்காக அப்படி வரைவார்கள். இன்ஜினியரிங் முதல் வருடம் டிராஃப்டரைத் தூக்கிக்கொண்டு அலைந்தபோது இதைக் கையால் வரைந்தவன்தான் நான். இருந்தும் பட்டையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை அளந்து 228 பிக்ஸல் என்று எடுத்துவிட்டேன். அதை 5 மீட்டர் என்று எண்ணிக் கணக்கிட்டதில் 3.60 மீட்டர் அறை 3 மீட்டராகக் குறைந்துவிட்டது. அடிஸ்கேலில் மாமாவுக்கு வந்த 3.60 உடன் ஒத்துப்போகாததால்தான் திரும்பிப் பார்த்தேன். ஓரத்தைப் பார்க்காதீர்கள், எண் எந்தக் கோட்டுக்கு நேராக எழுதப்பட்டிருக்கிறதோ அங்கிருந்து அளவெடுங்கள். எண்கள் மீட்டரா, அடியா என்பதையும் பட்டையின் முடிவில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, 0 முதல் 1 வரை மட்டும் அளந்தால் போதாதா என்று மாமா கேட்டார். ஒரு மீட்டர் இந்தப் படத்தில் 38 பிக்ஸல். கை தவறி 37 என்று எடுத்துவிட்டால் ஒரு பிக்ஸலுக்கு 2.703 சென்டிமீட்டர் ஆகிவிடும். அறையின் நீளத்தில் 10 சென்டிமீட்டர் கூடிவிடும். அதே ஒரு பிக்ஸல் தவறை 0 முதல் 5 வரையிலான 190 இல் செய்தால், அறையில் கூடுவது 2 சென்டிமீட்டர் மட்டுமே. பட்டையில் எவ்வளவு நீளம் கிடைக்கிறதோ அவ்வளவையும் பயன்படுத்துங்கள்.

அறையை அளப்பது

அறைக்கு `Select` டூல் வசதியானது. அறையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரை மவுஸை இழுத்தால், தேர்வு செய்த கட்டத்தின் அகலம், உயரம் இரண்டையும் ஸ்டேட்டஸ் பார் ஒரே நேரத்தில் காட்டும். எங்களுக்கு `137 × 115px` என்று வந்தது.

எந்த மூலையிலிருந்து எந்த மூலை? பிளானில் சுவர் ஒற்றைக் கோடாக இருக்காது. கனமான கறுப்புப் பட்டையாகவோ, இரட்டைக் கோடாகவோ இருக்கும். நமக்கு வேண்டியது அறைக்குள் நின்றால் தெரியும் பக்கம், அதாவது சுவரின் உள் விளிம்பு. வெளிச்சுவர் பொதுவாக 9 அங்குலம், உள் தடுப்புச் சுவர் நாலரை அங்குலம். இரண்டு சுவர்களின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால், இல்லாத கிட்டத்தட்ட 7 அங்குலம் உங்கள் அறையில் சேர்ந்துவிடும். ஜேபிஜி படங்களில் கோட்டின் விளிம்பு மங்கலாகச் சாம்பல் நிறத்தில் இருக்கும். அந்தச் சாம்பலின் நடுவைத் தொடுங்கள். இரண்டு முனையிலும் ஒரே மாதிரி செய்யுங்கள்.

இப்போது 137 ஐ 2.632 ஆல் பெருக்கினால் 360.6 சென்டிமீட்டர், 11 அடி 10 அங்குலம். 115 ஐப் பெருக்கினால் 302.7 சென்டிமீட்டர், 9 அடி 11 அங்குலம். அடிஸ்கேலில் வந்ததோடு இது ஒத்துப்போகிறது. நிறைய அறைகளை அளப்பதாக இருந்தால் எக்ஸெலில் ஒரு சின்ன ஷீட் போட்டுக்கொள்ளலாம். லிப்ரே ஆபீஸ் கால்க் என்றாலும் இதே ஃபார்முலாதான்.

```
B1: 190
B2: 500
B3: =B2/B1
B6: 137
C6: =B6*$B$3
D6: =INT(ROUND(C6/2.54,0)/12)
E6: =MOD(ROUND(C6/2.54,0),12)
```

B1 இல் பட்டையின் பிக்ஸல், B2 இல் அதன் நிஜ நீளம் சென்டிமீட்டரில். B6 இல் அறையின் பிக்ஸலைக் கொடுத்தால், C6 இல் சென்டிமீட்டரும், D6 இல் அடியும், E6 இல் அங்குலமும் வரும். அடுத்த அறைக்கு B7 இல் பிக்ஸலை டைப் செய்துவிட்டு, C6 முதல் E6 வரை தேர்வு செய்து ஒரு வரிசை கீழே இழுத்துவிடுங்கள். ஃபார்முலாவில் உள்ள டாலர் குறிதான் B3 ஐ நகராமல் பிடித்து வைக்கிறது.

பட்டையையே சோதிப்பது

பட்டை சொல்வது சரி என்று எப்படி நம்புவது? வேறொரு பிளானிலிருந்து பட்டையை மட்டும் காப்பி செய்து ஒட்டிவிட்டு, அளவை மாற்ற மறந்துபோகிறவர்களும் உண்டு. எனவே பிளானில் எண்ணால் எழுதப்பட்ட ஏதாவது ஒரு அளவைத் தேடுங்கள். எங்கள் படத்தில் ஹாலின் நீளத்துக்கு 4880 என்று எழுதியிருந்தது. கட்டடப் பிளானில் இப்படி வெறும் எண்ணாக இருந்தால் அது மில்லிமீட்டர். அதாவது 488 சென்டிமீட்டர், 16 அடி. அதே ஹாலைப் பெயின்ட்டில் அளந்தால் 185 பிக்ஸல், பெருக்கினால் 486.9 சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். பட்டை நம்பத் தகுந்தது.

ஆனால் பட்டை, ஹால் இரண்டுமே படுக்கை வாட்டத்தில் இருந்தவை. படத்தை வேர்டில் ஒட்டிவிட்டு யாராவது பக்கவாட்டுக் கைப்பிடியைப் பிடித்து இழுத்திருந்தால், அகலம் ஒரு விகிதத்திலும் உயரம் வேறு விகிதத்திலும் போயிருக்கும். படுக்கை வாட்டத்துப் பட்டைக்கு உயரத்தைப் பற்றி எதுவும் தெரியாது. இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பிடித்த வழி கதவு. பிளானில் ஒவ்வொரு கதவுக்கும், அது திறக்கும் பாதையைக் காட்டும் கால் வட்டம் ஒன்று வரைந்திருப்பார்கள். கால் வட்டம் என்றால் அதன் அகலமும் உயரமும் சமமாக இருக்க வேண்டும். `Select` டூலால் வாசற்கதவின் கால் வட்டத்தைச் சுற்றிக் கட்டம் போட்டோம்: 40 க்கு 40. படம் இழுபடவில்லை. 40 பிக்ஸல் என்றால் 105 சென்டிமீட்டர். வாசற்கதவுக்கு வழக்கமாகப் போடும் மூன்றரை அடிக்கும் அது பொருந்துகிறது. ஒருவேளை 40 க்கு 48 என்று வந்திருந்தால், உயர வாட்டத்தில் வரும் எல்லா அளவையும் 1.2 ஆல் வகுத்த பிறகே நம்பலாம்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து அளப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. பட்டையும் அறையும் ஒரே ஸ்கிரீன்ஷாட்டில் இருக்க வேண்டும். பட்டையை ஒரு ஜூமில் எடுத்து, அறையைப் பெரிதாக்கி இன்னொன்றாக எடுத்தால் இரண்டுக்கும் உறவே இல்லை. பிளான் பிடிஎஃப்பாக இருந்து, தாளில்தான் அளப்பேன் என்றால், பிரிண்ட் கொடுக்கும்போது `Fit` என்பதை விட்டு `Actual size` என்பதைத் தேர்வு செய்யுங்கள். அப்போதும் முதலில் பட்டையை அளந்து பார்த்துவிட்டே அறைக்குப் போங்கள்.

கட்டிலைப் போட்டுப் பார்த்தோம்

இனிதான் மாமாவின் கேள்வி. சாமான்களைப் பிக்ஸலாக மாற்ற, சென்டிமீட்டரை 2.632 ஆல் வகுக்க வேண்டும். 6 அடிக்கு 3 அடி ஒற்றைக் கட்டில் 183 க்கு 91 சென்டிமீட்டர்; அது 70 க்கு 35 பிக்ஸல். 2 அடி ஆழமுள்ள பீரோ 23 பிக்ஸல். வீல்சேர் ஒரு சுற்றுத் திரும்ப 150 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டம் வேண்டும் என்பது கட்டடம் வடிவமைப்பவர்கள் வைத்துக்கொள்ளும் கணக்கு. அது 57 பிக்ஸல்.

படத்தின் ஓரத்தில் காலியாக உள்ள வெள்ளைப் பகுதியில் ரெக்டாங்கிள் டூலால் கட்டிலை வரைந்தோம். இழுக்கும்போதே ஸ்டேட்டஸ் பாரில் அளவு தெரியும் என்பதால் 70 க்கு 35 வந்ததும் விட்டுவிடலாம். Shift விசையை அழுத்திக்கொண்டு ஓவல் டூலை இழுத்தால் சரியான வட்டம் வரும். பிறகு `Select` மெனுவில் `Transparent selection` என்பதை டிக் செய்து, ஒவ்வொன்றையும் தேர்வு செய்து அறைக்குள் இழுத்து வைத்தோம். இந்த டிக் இல்லாவிட்டால் கட்டிலோடு அதன் வெள்ளைப் பின்னணியும் வந்து சுவரை மறைத்துவிடும்.

பீரோவை அகல வாட்டச் சுவரோடு சேர்த்து வைத்தால், 137 இல் 23 போக 114 மிஞ்சுகிறது. கட்டிலை நீளச் சுவரை ஒட்டி வைத்தால், 115 இல் 35 போக 80 பிக்ஸல். அதாவது 210 சென்டிமீட்டர். 57 பிக்ஸல் வட்டம் தாராளமாக உட்கார்ந்துவிட்டது. மாமாவின் ஏ4 தாள் கணக்குப்படி பார்த்திருந்தால் அந்த இடத்தில் 205 இல் 91 போக 114 சென்டிமீட்டர்தான். வீல்சேர் திரும்பாது என்று அந்த வீட்டை விட்டிருப்பார்.

படத்தால் சொல்ல முடியாதது

அறை சரியாகிவிட்டது என்று நாங்கள் எழுந்திருக்கும்போது அக்கா கேட்டாள், "பாத்ரூம் கதவுல அத்தையோட சேர் நுழையுமாடா?"

அளந்தோம். 29 பிக்ஸல், 76 சென்டிமீட்டர். அத்தையின் வீல்சேர் 65 சென்டிமீட்டர் அகலம். நுழையும் போலத்தான் தெரிகிறது. ஆனால் இதை நம்பக் கூடாது. இரண்டு முனையிலும் ஒவ்வொரு பிக்ஸல் தவறினால் 5 சென்டிமீட்டர். 360 சென்டிமீட்டர் அறையில் இந்த 5 ஒரு பொருட்டல்ல. 76 சென்டிமீட்டர் கதவில் அது 71 ஆகவும் இருக்கலாம், 81 ஆகவும் இருக்கலாம். சின்ன நீளங்களை அளக்கும்போது தவறு மட்டும் சின்னதாவதில்லை.

அதைவிடப் பெரிய விஷயம், பிளானில் தெரியும் இடைவெளி சுவரில் விடும் திறப்பு. அதற்குள் கதவு நிலை உட்காரும். கட்டடத்தின் சைட் இன்ஜினியரிடம் கேட்டபோது, இரண்டரை அடி என்பது நிலையின் வெளி அளவு என்றார். நிலைச் சட்டம் பக்கத்துக்கு இரண்டரை அங்குலம். 30 அங்குலத்தில் 5 போனால் 25 அங்குலம், 63.5 சென்டிமீட்டர். 65 சென்டிமீட்டர் சேர் நுழையாது. பட்டையும் பொய் சொல்லவில்லை, பெயின்ட்டும் பொய் சொல்லவில்லை. அந்தப் படத்தில் நிலைச் சட்டமே வரையப்படவில்லை.

நான்காவது மாடிக்குச் சுவர் இன்னும் எழும்பாததால், அந்தக் கதவை மட்டும் 3 அடியாக மாற்றித் தரச் சொல்லி எழுத்தில் வாங்கினார் மாமா. 36 இல் 5 போக 31 அங்குலம், 79 சென்டிமீட்டர்.

பல பிளான்களில் `DO NOT SCALE` என்று ஒரு குறிப்பு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். படத்தை அளந்து கட்டாதே, எண்ணால் எழுதிய அளவைப் பார்த்துக் கட்டு என்று கட்டுகிறவர்களுக்குச் சொல்வது அது. அளவு மாறும்போது கோட்டைத் திருத்தாமல் எண்ணை மட்டும் திருத்திவிடும் பழக்கம் உண்டு என்பதால் இந்த எச்சரிக்கை. எழுதிய எண்ணும் பட்டைக் கணக்கும் முரண்பட்டால் எண்ணுக்கே மதிப்பு. ஏன் முரண்படுகிறது என்று கட்டுகிறவரிடம் கேளுங்கள். நாம் அளப்பது வீடு போதுமா என்று முடிவு செய்ய மட்டுமே. ஆசாரியிடம் வார்ட்ரோப் செய்யச் சொல்ல இந்த அளவைக் கொடுத்துவிடாதீர்கள். பிளானில் உள்ளது பூசாத சுவரின் அளவு. உள்பூச்சு பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் சாப்பிடும்.

பூச்சு வேலை முடிந்த வாரம் மாமா டேப்போடு போய் அளந்தார். நீளம் 357.5 சென்டிமீட்டர், அகலம் 300. பாத்ரூம் கதவின் உள் அகலம் 79. கூடவே தன் பழைய ஏ4 தாளையும் எடுத்துப் போயிருக்கிறார். அதில் 1:100 என்பதைப் பேனாவால் அடித்துவிட்டு 1:147 என்று எழுதி வைத்திருந்தார்.